'பட்' போட்டு வாக்கியம் தொடங்கலாமா? ஆங்கில இலக்கணத்தின் பொய் விதிகளைக் கடப்பது எப்படி

ஆங்கிலத்தில் ஒரு மெயில் எழுதி யாரிடமாவது காட்டினால் போதும். "வாக்கியத்தை 'அண்ட்', 'பட்' போட்டு ஆரம்பிக்கக்கூடாது" என்பார் ஒருவர். "கடைசியில் பிரிபொசிஷன் வரக்கூடாது" என்பார் இன்னொருவர். இரண்டையும் பள்ளியில் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள். இரண்டும் விதியே இல்லை.

விதி இல்லாததை விதி என்று நம்பினால் என்ன கெட்டுவிடும், எழுத்து கொஞ்சம் விறைப்பாக இருக்கும், அவ்வளவுதானே என்று தோன்றலாம். அப்படியில்லை. இல்லாத தவறுக்குப் பயந்து ஓடும்போதுதான் பலர் உண்மையான தவறில் போய் விழுகிறார்கள். திருத்தும் வேலையில் நான் தினமும் பார்ப்பது இதைத்தான். ஆகவே எந்த விதி பொய் என்பதோடு, அதற்குப் பயந்தவர்கள் எங்கே வழுக்குகிறார்கள், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையும் படிப்படியாகச் சொல்கிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். இந்த விஷயத்தில் காதுக்குத் தெரிவது கண்ணுக்குத் தெரியாது.

முதல் படி: வாக்கியம் உடைகிறதா என்று பாருங்கள்

'ஹி கோ டு ஸ்கூல் யெஸ்டர்டே' என்று எழுதினால் ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள சிறுவன்கூட நிமிர்ந்து பார்ப்பான். அது உடைந்த வாக்கியம். 'வாட் ஆர் யூ லுக்கிங் அட்?' என்று கேட்டால் யாரும் நிமிர மாட்டார்கள். கடைசியில் 'அட்' என்ற பிரிபொசிஷன் நிற்கிறது, ஆனாலும் உடைசல் எதுவும் காதில் விழவில்லை. மொழியைப் பேசுகிறவர்கள் எல்லோரும் இயல்பாகக் கடைப்பிடிப்பது விதி. யாரோ சிலர் நினைவூட்டிக்கொண்டே இருந்தால்தான் உயிரோடு இருக்கும் என்றால் அது ஒருவருடைய விருப்பம், அல்லது மூடநம்பிக்கை. 1926-ல் வெளிவந்த தன் புகழ்பெற்ற ஆங்கில வழக்கு அகராதியில் ஃபவுலர், பிரிபொசிஷன் விஷயத்துக்கு மூடநம்பிக்கை என்ற சொல்லையே பயன்படுத்தினார்.

நம் ஊரில் இதைச் சரிபார்க்க லண்டன் வரை போக வேண்டாம். ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம் கையில் இருந்தால் பிரிபொசிஷன் பாடத்தைத் திறந்து பாருங்கள். பிரிபொசிஷன் வழக்கமாக முன்னால் வரும், சில நேரம் பின்னாலும் வரும் என்று சொல்லிவிட்டு, 'ஹியர் இஸ் தி வாட்ச் தட் யூ ஆஸ்க்ட் ஃபார்', 'வாட் ஆர் யூ லுக்கிங் அட்?' என்று வரிசையாக உதாரணம் தருகிறது. இந்தியாவில் தலைமுறை தலைமுறையாகப் படித்த புத்தகத்திலேயே அனுமதி இருக்கிறது. அதைப் படித்தவர்கள்தான் கூடாது என்றும் சொல்லித் தருகிறார்கள்!

இரண்டாம் படி: 'அண்ட்', 'பட்' தொடக்கத்தைப் பயமில்லாமல் எழுதுங்கள்

1611-ல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளின் முதல் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 31 வசனங்கள். முதல் வசனமும் 27-ஆம் வசனமும் தவிர மீதி 29 வசனங்களும் 'அண்ட்' என்றுதான் தொடங்குகின்றன. மூல எபிரேய மொழியில் வாக்கியத்துக்கு வாக்கியம் ஓர் இணைப்பு எழுத்து வரும். மொழிபெயர்த்தவர்கள் அதை அப்படியே கொண்டுவந்தார்கள். ஆங்கில உரைநடையைச் செதுக்கியதில் இந்த நூலுக்குப் பெரிய பங்கு உண்டு.

பைபிள் பழசு என்றால் மேடைப்பேச்சுக்கு வருவோம். 1863-ல் கெட்டிஸ்பர்க்கில் லிங்கன் பேசிய சிறிய உரையின் திருப்பமே 'பட், இன் எ லார்ஜர் சென்ஸ்' என்று தொடங்கும் வாக்கியம்தான். 1961-ல் கென்னடி பதவியேற்ற உரையில் எல்லோரும் மேற்கோள் காட்டும் வரி 'அண்ட் சோ, மை ஃபெல்லோ அமெரிக்கன்ஸ்' என்று ஆரம்பிக்கிறது.

பிறகு ஏன் கூடாது என்றார்கள்? குழந்தைகள் கதை எழுதும்போது 'அண்ட் தென்... அண்ட் தென்' என்று போய்க்கொண்டே இருப்பார்கள். அதை நிறுத்த ஆசிரியர்கள் போட்ட தற்காலிகத் தடை பெரியவர்கள் வரை ஒட்டிக்கொண்டது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். நம்பும்படியாகத்தான் இருக்கிறது.

சரி, தடையை மதித்து 'பட்' வேண்டாம் என்று முடிவெடுத்தவர் என்ன செய்கிறார்? அந்த இடத்தில் 'ஹவெவர்' போடுகிறார். அதுவும் இப்படி: 'ஐ கால்ட் ஹிம், ஹவெவர் ஹி டிட் நாட் கம்.' இதுதான் நிஜமான தவறு. 'பட்' இரண்டு வாக்கியங்களைப் பிணைக்கும் கன்ஜங்ஷன். 'ஹவெவர்' அந்த வேலை செய்யாது, அது அட்வெர்ப். இரண்டு முழு வாக்கியங்களை ஒரு கமாவை மட்டும் வைத்து ஒட்டியதாக ஆகிவிட்டது. முற்றுப்புள்ளி வைத்து, 'ஹவெவர்' என்று புது வாக்கியம் தொடங்கி, அதன் பின்னால் கமா போட வேண்டும். அல்லது பேசாமல் 'பட்' என்றே தொடங்கலாம். அது ஓரசைச் சொல், வாசகரை நிறுத்தாமல் திருப்பிவிடும்.

'பட்' தொடக்கத்தில் நிஜமாகக் கவனிக்க வேண்டியவை வேறு. ஒன்று, அதன் பின்னால் கமா வேண்டாம். 'பட், ஹி டிட் நாட் கம்' என்று பழக்கத்தில் பலர் போடுகிறார்கள். தமிழில் 'ஆனால்,' என்று கமா போடும் கை அங்கேயும் போட்டுவிடுகிறது. லிங்கன் வாக்கியத்தில் கமா இருக்கிறதே என்றால், அங்கே 'இன் எ லார்ஜர் சென்ஸ்' என்ற இடைச்செருகல் வருகிறது, அதன் இருபுறமும் போட்ட கமாக்கள் அவை.

இன்னொன்று, 'ஆல்தோ' என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் 'பட்' வரக்கூடாது. 'ஆல்தோ ஹி வாஸ் டயர்ட், பட் ஹி வென்ட்' என்பது தவறு. இணைப்பு ஒன்று போதும், இரண்டு போட்டால் எந்தப் பாதி முதன்மை என்று வாக்கியத்துக்கே தெரியாது. மற்றபடி ஒரு பத்தியில் மூன்று வாக்கியம் 'பட்' என்று தொடங்கினால், வாதம் மூன்று முறை திசை திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். அப்போது திருத்த வேண்டியது 'பட்'டை இல்லை, வாதத்தை.

'பிகாஸ்' போட்டுத் தொடங்கக்கூடாது என்பதும் இதே குடும்பம்தான். 'பிகாஸ் இட் ரெய்ன்ட், வி ஸ்டேய்ட் ஹோம்' முழு வாக்கியம். 'பிகாஸ் இட் ரெய்ன்ட்' என்று மட்டும் நிறுத்தினால் பாதி வாக்கியம். தவறு தொடக்கத்தில் இல்லை, முடிக்காமல் விட்டதில் இருக்கிறது.

மூன்றாம் படி: பிரிபொசிஷனை அதன் காலியிடத்தோடு பொருத்திப் பாருங்கள்

இந்தப் பொய்க்கு முகவரியே உண்டு. 1672-ல் கவிஞர் ஜான் டிரைடன், தனக்கு முந்தைய நாடக ஆசிரியர் பென் ஜான்சனிடம் குறை தேடினார். 1611-ஆம் ஆண்டு நாடகம் ஒன்றில் 'தி பாடீஸ் தட் தோஸ் சோல்ஸ் வேர் ஃப்ரைட்டட் ஃப்ரம்' என்று ஒரு வரி. ஆன்மாக்கள் அஞ்சி வெளியேறிய உடல்கள் என்று பொருள். முடிவில் 'ஃப்ரம்' நிற்கிறதே, இது ஜான்சனிடம் அடிக்கடி வரும் பிழை என்று எழுதிய டிரைடன், என் எழுத்திலும் அண்மையில் கவனித்தேன் என்றும் சேர்த்துக்கொண்டார். அதோடு விடவில்லை. 1668-ல் தான் வெளியிட்ட கட்டுரையை 1684-ல் மறுபதிப்புச் செய்தபோது, 'தி ஏஜ் ஐ லிவ் இன்' என்பதை 'தி ஏஜ் இன் விச் ஐ லிவ்' என்று மாற்றினார். ஏன் பிழை என்று மட்டும் விளக்கவில்லை. லத்தீனில் பிரிபொசிஷன் பெயருக்கு முன்னால்தான் நிற்கும், லத்தீன் படித்த காது அதையே எதிர்பார்த்திருக்கும் என்பது பலருடைய ஊகம்.

அடுத்து 1762-ல் ராபர்ட் லோத் ஒரு சிறிய இலக்கண நூல் எழுதினார். தடை போட்டவர் என்று எல்லோரும் இவரைத் திட்டுவார்கள். பாவம், அவர் தடையே போடவில்லை. இது பேச்சில் புழங்குவது, இயல்பான எழுத்துக்குப் பொருந்துவது, உயர்ந்த நடைக்கு மட்டும் முன்னால் வைப்பது அழகு என்றார். அதைச் சொன்ன வாக்கியத்தின் முதல் பகுதியே 'விச் அவர் லாங்க்வேஜ் இஸ் ஸ்ட்ராங்லி இன்க்ளைன்ட் டு' என்று 'டு'வில் முடிகிறது. நடை பற்றிய இந்த ஆலோசனையைப் பின்னால் வந்த பாடப்புத்தகங்கள் சட்டமாக்கிவிட்டன.

இனி நமக்குரிய சிக்கல். தமிழில் 'நான் பழம் வெட்டிய கத்தி' என்கிறோம். கத்தியால் வெட்டினோம், ஆனால் அந்த 'ஆல்' எங்கேயும் இல்லை. பெயரெச்சம் வந்தால் வேற்றுமை உருபு மறைந்துவிடும், அதுதான் நம் மொழியின் வழி. 'நான் படுத்த பாய்', 'அவர் வந்த பஸ்', எல்லாம் அப்படியே. ஆங்கிலத்தில் அது மறையாது. 'தி நைஃப் ஐ கட் தி ஃப்ரூட் வித்', 'தி மேட் ஐ ஸ்லெப்ட் ஆன்' என்று கடைசியில் நின்றே ஆக வேண்டும். தமிழ்ப் பழக்கம் அதை விடச் சொல்கிறது, பள்ளிப் பாடமும் கடைசியில் வைக்காதே என்கிறது. இரண்டும் சேர்ந்து 'தி மேட் ஐ ஸ்லெப்ட்' என்று உடைந்த வாக்கியத்தை எழுத வைக்கின்றன.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு தவறு. தடை நினைவுக்கு வந்து 'இன் விச்' என்று முன்னால் போடுவார்கள், பிறகு காது கேட்டதை எழுதும் கை கடைசியிலும் ஒன்று போட்டுவிடும்: 'தி ஹவுஸ் இன் விச் ஐ லிவ் இன்.' படித்தவர்களின் கடிதங்களில் இது சர்வசாதாரணம்.

இரண்டுக்கும் ஒரே பரிசோதனை போதும். பெயரை விளக்கும் பகுதியைத் தனி வாக்கியமாக்கி, அந்தப் பெயரை அது விட்டுவந்த காலியிடத்தில் வையுங்கள். 'தி ஹவுஸ்' என்றால் 'ஐ லிவ் இன் தி ஹவுஸ்'. ஒரே ஒரு 'இன்' வருகிறது. அப்படியானால் முழு வாக்கியத்திலும் ஒன்றுதான் இருக்க வேண்டும், முன்னாலோ பின்னாலோ. பாய்க்கு 'ஐ ஸ்லெப்ட் ஆன் தி மேட்'. 'ஆன்' இல்லாமல் தனி வாக்கியம் நிற்காது, ஆக அதை விடக்கூடாது. 'தி டாபிக் வி டிஸ்கஸ்ட் அபவுட்' என்பதையும் சோதியுங்கள். 'வி டிஸ்கஸ்ட் தி டாபிக்' என்பதே சரி, 'அபவுட்' அங்கே வேண்டியதே இல்லை. 'பற்றி விவாதித்தோம்' என்ற தமிழிலிருந்து நுழைந்த கூடுதல் சரக்கு அது. கடைசியில் வந்ததால் அது தவறாகவில்லை, எங்கேயும் வரக்கூடாது என்பதால்தான் தவறு.

சில இடங்களில் பின்னால் வைப்பதைத் தவிர வழியே கிடையாது. 'தட்' என்று இணைத்தாலோ இணைப்புச் சொல்லை விட்டாலோ பிரிபொசிஷன் முன்னால் போக முடியாது. 'தி ஹவுஸ் இன் தட் ஐ லிவ்' ஆங்கிலமே இல்லை. டிரைடன் குறை சொன்ன ஜான்சன் வரியில் இருப்பதும் 'தட்'தான். அவர் சொன்னபடி திருத்த வேண்டுமென்றால் 'தட்'டையே 'விச்' ஆக்க வேண்டியிருக்கும். அதேபோல 'புட் அப் வித்' போன்ற கூட்டுவினைகளை உடைத்து முன்னால் இழுத்தால் வேடிக்கையாகிவிடும். 'அப் வித் விச் ஐ வில் நாட் புட்' என்ற கிண்டலைச் சர்ச்சில் சொன்னதாகப் பரப்புகிறார்கள். அவர் சொன்னதற்கு நல்ல ஆதாரம் இல்லை. கிண்டல் மட்டும் சரி.

தலைகீழாக, முன்னால்தான் நிற்கும் பிரிபொசிஷன்களும் உண்டு. 'தி மீட்டிங் ட்யூரிங் விச் ஹி ஸ்லெப்ட்' என்பதில் 'ட்யூரிங்'கைக் கடைசிக்குத் தள்ளிப் பாருங்கள், வாக்கியம் தள்ளாடும். 'தி எக்ஸ்டென்ட் டு விச்' என்பதும் அப்படித்தான் உறைந்துவிட்ட தொடர். ஆகவே எல்லாவற்றையும் பின்னால் தள்ளு என்று புது விதி போட்டுக்கொள்ளவும் வேண்டாம்.

நான்காம் படி: 'டு'வுக்கும் வினைக்கும் நடுவில் சொல் வந்தால் பொருளைக் கேளுங்கள்

'டு'வுக்கும் வினைக்கும் நடுவில் எந்தச் சொல்லும் வரக்கூடாது என்பது கொஞ்சம் புதிய பொய். 1834-ல் பெயர் போடாத ஒருவர் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் ஆட்சேபித்தார். 1864-ல் கேன்டர்பரி தேவாலயத்தின் டீன் ஹென்றி ஆல்ஃபோர்டு, 'டு'வை வினையிலிருந்து பிரிக்க முடியாததாகவே நாம் கருதுகிறோம் என்று எழுதினார். உண்மையில் 'டு' வினையின் உறுப்பு இல்லை. 'ஐ மேட் ஹிம் கோ' என்பதில் 'டு' இல்லாமலே இன்ஃபினிட்டிவ் வருகிறது. 1966-ல் தொடங்கிய ஸ்டார் ட்ரெக் தொடரின் முகப்பில் ஒலித்த 'டு போல்ட்லி கோ' காரணமாக இந்தத் தடை உலகம் முழுக்கச் சிரிப்புப் பொருளானது.

இங்கே பார்க்க வேண்டியது, அட்வெர்ப் எந்த வினையைத் தழுவுகிறது என்பதை மட்டும்தான். 'ஹி ஃபெய்ல்ட் டு கம்ப்ளீட்லி அண்டர்ஸ்டாண்ட் இட்' என்றால் அவருக்குப் பாதி புரிந்தது. 'ஹி கம்ப்ளீட்லி ஃபெய்ல்ட் டு அண்டர்ஸ்டாண்ட் இட்' என்றால் ஒன்றுமே புரியவில்லை. தடைக்குப் பயந்து 'ஹி ஃபெய்ல்ட் கம்ப்ளீட்லி டு அண்டர்ஸ்டாண்ட் இட்' என்று நடுவில் நிறுத்தினால், பாதி புரிந்தது என்று சொல்ல வந்தவர் ஒன்றுமே புரியவில்லை என்று சொல்லிவிடுகிறார். குழப்பத்தையும் செயற்கையையும் விட நடுவில் வைப்பதே மேல் என்று ஃபவுலரும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்.

இதன் நிழல் ஒரு பதவியேற்பு மேடை வரை நீண்டதாகச் சொல்வதுண்டு. 2009 ஜனவரி 20 அன்று ஒபாமாவுக்கு உறுதிமொழி செய்துவைத்த தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், 'ஐ வில் ஃபெய்த்ஃபுலி எக்ஸிக்யூட்' என்றிருந்த இடத்தில் 'ஃபெய்த்ஃபுலி'யைப் பின்னால் தள்ளிவிட்டார். மறுநாள் வெள்ளை மாளிகையில் உறுதிமொழியைத் திரும்ப எடுத்தார்கள். இணைந்த வினைச்சொற்களுக்கு நடுவில் அட்வெர்ப் வரக்கூடாது என்ற பழைய கூச்சமே காரணம் என்று மொழியியலாளர் ஸ்டீவன் பிங்கர் நாளிதழில் எழுதினார். வெறும் பதற்றமாகவும் இருக்கலாம். இருந்தாலும் அந்தக் கூச்சம் இருப்பவர்களின் கை இதே இடத்தில்தான் தடுமாறும் என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஐந்தாம் படி: ஒரு கடிதத்தில் செய்து பாருங்கள்

அடுக்ககச் சங்கத்தின் செயலாளர் லிஃப்ட் பராமரிப்பவர்களுக்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். விதிகளுக்குப் பயந்த கை எழுதியது இது:

'தி லிஃப்ட் அபவுட் விச் வி கம்ப்ளெய்ன்ட் அபவுட் இஸ் ஸ்டில் நாட் ஒர்க்கிங். யுவர் டெக்னீஷியன் கேம், ஹவெவர் ஹி டிட் நாட் ஓப்பன் தி பேனல். வி ரிக்வெஸ்ட் யூ கம்ப்ளீட்லி டு ரிப்பேர் இட் பை ஃப்ரைடே.'

முதல் வாக்கியத்தில் காலியிடச் சோதனை போடுங்கள். 'வி கம்ப்ளெய்ன்ட் அபவுட் தி லிஃப்ட்'. ஒரே 'அபவுட்'தான். முன்னால் இருப்பதை எடுத்துவிட்டால் 'விச்'சும் தேவையில்லாமல் போகிறது: 'தி லிஃப்ட் வி கம்ப்ளெய்ன்ட் அபவுட் இஸ் ஸ்டில் நாட் ஒர்க்கிங்.' பிரிபொசிஷன் வாக்கியத்தின் முடிவில்கூட இல்லை, உட்பகுதியின் முடிவில்தான் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். பெரும்பாலும் இப்படித்தான் வரும்.

இரண்டாவதில் 'கேம்' என்பதோடு முற்றுப்புள்ளி வைத்து, 'பட் ஹி டிட் நாட் ஓப்பன் தி பேனல்' என்று தொடங்குங்கள். குறை சொல்லும் வாக்கியம் தனியாக நிற்பதால் படிப்பவர் கண்ணில் படும்.

மூன்றாவதில் 'கம்ப்ளீட்லி' எதைத் தழுவுகிறது? முழுமையாகக் கேட்டுக்கொள்கிறோமா, முழுமையாகச் சரிசெய்ய வேண்டுமா? 'டு கம்ப்ளீட்லி ரிப்பேர் இட்' என்றால் குழப்பம் போய்விடும், தவறும் இல்லை. ஆனால் இந்த இடத்தில் 'டு ரிப்பேர் இட் கம்ப்ளீட்லி பை ஃப்ரைடே' இன்னும் இயல்பாக ஒலிக்கிறது. பிரிக்கலாம் என்பதற்காகப் பிரித்தே ஆக வேண்டியதில்லை.

ஆறாம் படி: யார் படிக்கப்போகிறார் என்று பார்த்து விட்டுக்கொடுங்கள்

விதி பொய் என்று உங்களுக்குத் தெரியும், விடைத்தாளைத் திருத்துகிறவருக்குத் தெரியாமல் இருக்கலாம். தேர்வு, வேலை விண்ணப்பம், கண்டிப்பான மேலதிகாரிக்குப் போகும் குறிப்பு, இங்கெல்லாம் செலவில்லாமல் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். 'பட்'டுக்குப் பதில் முற்றுப்புள்ளி வைத்து, 'ஹவெவர்' போட்டு, மறக்காமல் கமா. 'தி கம்பெனி ஐ ஒர்க்ட் ஃபார்' என்பதற்குப் பதில் 'தி கம்பெனி ஃபார் விச் ஐ ஒர்க்ட்', ஒரே ஒரு 'ஃபார்' உடன். இரண்டும் சரியான ஆங்கிலம்தான், லோத் சொன்னதுபோல நடை மட்டும் உயர்கிறது. ஆனால் தவிர்ப்பதற்காகப் பொருள் கோணினாலோ, 'அப் வித் விச்' போல வாக்கியம் முறுக்கிக்கொண்டாலோ, அங்கே விட்டுக்கொடுக்க வேண்டாம். அந்த வாக்கியத்தை வேறு வினை போட்டு எழுதிவிடலாம். 'புட் அப் வித்' இருக்கும் இடத்தில் 'டாலரேட்' போட்டால் பிரச்சினை முடிந்தது.

அலுவலகத்தில் யாராவது சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பினால் டிரைடன் கதையைச் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். ரென் அண்ட் மார்ட்டினின் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்புங்கள். வேலை சீக்கிரம் நடக்கும்.